முரட்டுத் தகப்பனுக்கு இரங்கலுரை

பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம் பக்கத்து ஊர்களில் ஒரு சாவு விழுந்தால், கேதம் கேட்க வருகிறவர்கள் வாசலிலேயே இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். செத்தவர் எப்படிப்பட்டவர் என்று ஊருக்கே தெரிந்திருந்தாலும் அந்த இரண்டு வார்த்தைக்குக் குறை வராது. சிக்கல் பெற்ற பிள்ளைக்குத்தான். பதினாறாம் நாள் விசேஷத்தில், பந்திக்கு முன்னால், “மூத்தவன் அப்பாவைப் பத்தி நாலு வார்த்தை பேசட்டும்” என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லிவிடுவார். அடித்த, குடித்த, பேசாமலேயே வருஷங்களை ஓட்டிய ஒரு தகப்பனைப் பற்றி அந்த இடத்தில் என்ன பேசுவது? புகழ்ந்தால் பொய். திட்டினால், பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் நடத்துகிற வழக்கு. இரண்டுக்கும் நடுவில் உண்மையான ஒரு பேச்சுக்கு வழி உண்டா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. முதலில் நம்மிடம் உள்ள துக்க வடிவங்கள் எதற்கு இடம் கொடுக்கின்றன என்று பார்த்துவிட்டு, இந்த மண்ணிலேயே எழுதப்பட்ட இரண்டு சான்றுகளுக்குப் போகலாம்.

இருக்கிற வடிவங்கள்

முதல் வடிவம் ஒப்பாரி. இது பெண்களின் சொத்து. இறந்தவரை முன்னிலையில் நிறுத்தி அவரிடமே பேசுவது இதன் இயல்பு. குடிசையில் வாழ்ந்த தகப்பனும் ஒப்பாரியில் மாளிகைக்காரர் ஆகிவிடுவார். பொன்னும் முத்தும் தாராளமாகப் புழங்கும். அங்கே யாரும் அதைப் பொய் என்று எண்ணுவதில்லை, அது அந்தப் பாட்டின் மரபு. ஆனால் அதே ஒப்பாரிக்குள் வழக்கும் நடக்கும். அண்ணன்மார் கைவிட்டது, மதினி பேசிய பேச்சு, புகுந்த வீட்டில் பட்ட பாடு எல்லாம் வெளியே வரும். தன்னைப் பாழான இடத்தில் கட்டிக்கொடுத்ததாகத் தகப்பனிடமே முறையிடுகிற மகளும் உண்டு. மற்ற நாளில் வாய் திறக்க முடியாதவளுக்கு அன்றைக்கு ஒரு சலுகை. ஆனால் அந்த முறையீடு ராகத்துக்குள் இருக்கிறவரைதான் செல்லும். எழுந்து நின்று அதையே வசனமாகச் சொன்னால் ஊர் தாங்காது. ஆண்பிள்ளைகளுக்கு அந்த ராகமும் கிடையாது.

இரண்டாவது, அச்சில் வரும் துக்கம். தூத்துக்குடிச் சுவர்களில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களில் பெயரையும் படத்தையும் மாற்றிவிட்டால் ஒருவருக்கு அடித்தது இன்னொருவருக்கும் பொருந்தும். கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில், இதற்கு இன்னும் விரிவான வடிவம் இருக்கிறது. இறந்தவருக்காக முப்பத்தோராம் நாளில் அச்சிட்டுக் கொடுக்கும் சிறு புத்தகத்தை அங்கே கல்வெட்டு என்பார்கள். வம்ச வரலாறு, திதி வெண்பா, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று அதில் ஒழுங்காகப் பகுதிகள் இருக்கும். பெரும்பாலும் இந்தப் புலம்பல்களை எழுதித் தருகிறவர் அதில் பழகிய ஒரு புலவர். பிள்ளைகள் பெயரில் அவர் அழுவார். குடும்ப வரலாறு தேடுகிறவனுக்கு இந்தக் கல்வெட்டுகள் பெரிய புதையல். அந்த மனிதர் வீட்டில் எப்படி இருந்தார் என்று மட்டும் அவற்றிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

மூன்றாவது வடிவம், முத்துக்குளித்துறையின் கத்தோலிக்கப் பரதவர் ஊர்களில் காணக் கிடைப்பது. 1530களில் திருமுழுக்குப் பெற்ற சமூகம் அது. அங்கே அடக்கத் திருப்பலியில் குருவானவர் மறையுரை ஆற்றலாம். ஆனால் எந்த வகைப் புகழுரையும் கூடாது என்பது திருச்சபையின் பொது விதி. குடும்பத்தில் ஒருவர் சுருக்கமாக நினைவுகூர்ந்து பேச, இறுதி வழியனுப்பும் சடங்குக்கு முன் இடம் உண்டு. புகழுரை ஏன் கூடாது? அந்தத் திருப்பலி இறந்தவருக்காக இரக்கம் கேட்கிற வேண்டுதல். இரக்கம் கேட்கிற இடத்தில் அவர் குறையில்லாதவர் என்று வாதாட வேண்டிய தேவையில்லை. நடைமுறையில் இந்த விதி எவ்வளவு தளர்ந்திருந்தாலும், முரட்டுத் தகப்பனின் பிள்ளைக்கு இது ஒரு பெரிய உதவி. துக்கமும் மரியாதையும் புகழ்ச்சி இல்லாமலே நடக்கலாம் என்று ஒரு பழைய அமைப்பே ஒப்புக்கொண்டிருக்கிறது.

கயத்தாறில் ஒரு பகைவன் எழுதியது

பாஞ்சாலங்குறிச்சிக்காரர்களுக்குப் புகழ்ச்சிக்கும் திட்டுக்கும் நடுவிலான ஊசலாட்டம் புதிதல்ல. கட்டபொம்மனை மாவீரனாக நிறுத்தியது ம.பொ.சி.யின் எழுத்தும் சிவாஜி கணேசனின் படமும். அவரைக் கொள்ளைக்காரன் என்று தலைப்பிலேயே சொன்னது தமிழ்வாணனின் புத்தகம். ஒரு முன்னோரை நினைக்க நமக்கு இந்த இரண்டு நாற்காலிகள்தான் கிடைத்தன. ஆனால் இந்த இரண்டுக்கும் வெகு காலம் முன்பே, வேறொரு வகையில் அவரைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அவரைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன்தான் அவர்.

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டி வைத்து விசாரணை நடத்தி, அன்றே தூக்குத் தண்டனையை நிறைவேற்றினார் பானர்மேன். மேலிடத்துக்கு அவர் அனுப்பிய அறிக்கையில் கட்டபொம்மனின் நடத்தையை விவரிக்கிறார். விசாரணை முழுக்க அவர் அஞ்சாமலும் இறுமாப்போடும் இருந்தார் என்று இரண்டு குணத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறார். தன்னைப் பிடிக்க முனைந்து நின்ற எட்டயபுரத்தாரை அடிக்கடி வெறுப்போடு பார்த்தார். தூக்குமரத்துக்கு உறுதியாக நடந்து போனார். வழியில் ஊமையான தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார். கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அதைக் காத்து அங்கேயே செத்திருக்கலாம் என்று மரத்தடியில் வருந்தினார். கடைசி இரண்டும் தனக்குச் சொல்லப்பட்டவை என்பதையும் பானர்மேன் மறைக்கவில்லை.

பானர்மேன் நடுநிலையாளர் இல்லை. தண்டனையை நியாயப்படுத்த வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. இருந்தும் அந்தச் சில வரிகளில் ஒரு மனிதர் கண்முன் நிற்கிறார். பார்வை, நடை, ஒரு கவலை, ஒரு வருத்தம் ஆகியவற்றைப் பதிந்ததோடு எழுதியவர் நிறுத்திக்கொண்டதுதான் காரணம். தான் கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்ததால் நம்பகமும் கூடுகிறது. தகப்பனைப் பற்றிப் பேசப்போகும் பிள்ளை இந்த எதிரியிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தப் பிரிப்பைத்தான். அம்மா சொன்னது, சித்தப்பா சொன்னது, தானே கண்டது என்று மூன்றும் கலந்துபோன நினைவில்தான் புகழ்ச்சியும் கசப்பும் ஒரே வேகத்தில் முளைக்கின்றன.

எட்டயபுரத்து மகன்

எதிரியால் முடிந்தது மகனால் முடியுமா? பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த ஒரு மகன் அதைச் செய்து பார்த்திருக்கிறார். 1910இல் புதுச்சேரியிலிருந்து சுப்பிரமணிய பாரதி ‘கனவு’ என்ற தன்வரலாற்றுக் கவிதையை எழுதினார். ‘ஸ்வசரிதை’ என்றும் அது அறியப்படுகிறது. அவருடைய தந்தை சின்னசாமி ஐயர் 1898இல் இறந்தவர். மகனுக்கு அப்போது பதினைந்து வயது. ஆக, தந்தைக்கு உரிய உரையை எழுதப் பாரதிக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்திருக்கிறது.

சின்னசாமி ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் செல்வாக்குள்ளவர், கணக்கிலும் இயந்திரங்களிலும் ஈடுபாடு கொண்டவர். மகன் கணக்கும் இங்கிலீஷும் படித்து மேலே வரவேண்டும் என்று விரும்பினார். எட்டயபுரத்தில் பஞ்சாலை வைத்தார், அது நொடித்தது, அந்த அடியிலிருந்து அவர் எழவே இல்லை. தாய் லட்சுமி அம்மாள் பாரதியின் ஐந்தாம் வயதிலேயே போய்விட்டதால் அந்தச் சிறுவனுக்கு வீட்டில் கடைசி வார்த்தை தந்தையுடையதுதான்.

கவிதையில் இந்தத் தந்தை மூன்று இடங்களில் முக்கியமாக வருகிறார். முதலாவது, விளையாட்டு. மற்றப் பிள்ளைகள் ஓடியாடி, குளத்தில் நீந்தி, மரமேறித் திரிந்த வயதில், தந்தையின் கட்டளைக்குப் பயந்து தெருவிளையாட்டு எதிலும் சேராமல், புத்தகங்களோடு தனியாக, தோழமை இல்லாமல் வருந்தியதாகச் சொல்கிறார். இங்கே தந்தையைப் பற்றி ஓர் அடைமொழியும் இல்லை. கொடியவர் என்றோ கண்டிப்பானவர் என்றோ சொல்லவில்லை. தடை என்ன, அதனால் தனக்கு நேர்ந்தது என்ன என்பது மட்டும் இருக்கிறது. படிப்பவன் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறான்.

இரண்டாவது, நெல்லைக்கு இங்கிலீஷ் படிக்க அனுப்பிய கதை. கவிதையில் கோபம் உச்சத்துக்குப் போகும் இடம் இது. சிங்கக்குட்டியைப் புல் தின்னச் சொன்னதற்கு அந்தப் படிப்பை ஒப்பிடுகிறார். ஏறி வர முடியாத படுகுழி என்கிறார். அந்தக் குழியில் தள்ளியவர் யார்? கள்ளமில்லாத உள்ளத்தோடு, தனக்கு நல்லது செய்ய நாடிய தந்தைதான் என்று அதே இடத்தில் சொல்கிறார். நோக்கம் நல்லது என்பதால் குழியின் ஆழம் குறையவில்லை. குழி ஆழமானது என்பதால் தந்தையின் மனம் கெட்டதாக ஆக்கப்படவும் இல்லை. நல்ல நோக்கத்தைச் சொன்ன கையோடு மன்னிப்பும் வழங்கிவிடுவது நம் வழக்கம். பாரதி நோக்கத்தை ஒரு தகவலாக வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

மூன்றாவது, 1897இல் நடந்த திருமணம். மாப்பிள்ளைக்குப் பதினான்கு வயது, பெண் செல்லம்மாளுக்கு ஏழு. அந்த ஏற்பாட்டில் தீங்கு இருப்பது தெரிந்தும் எதிர்க்கும் திறன் தனக்கு இல்லாமல் போனது என்று இங்கே தன்னையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். பிறகு தந்தையின் வீழ்ச்சி வருகிறது. பொருள் சேர்ப்பதே மேலான தொழில் என்று கொண்டார், சேர்த்தார், நீர்க்குமிழி போல அது போனதும் உள்ளம் தளர்ந்தார் என்கிறார். அந்த மதிப்பீட்டை மகன் ஏற்கவில்லை என்பது தெளிவாகத் தெரிகிறது. கூடவே அந்தத் தளர்ச்சிக்கான இரக்கமும் இருக்கிறது. கடைசியில் தந்தை போனதையும், வறுமை சூழ்ந்ததையும், அஞ்சாதே என்று சொல்ல உலகில் ஒருவரும் இல்லாமல் போனதையும் அடுத்தடுத்து வைக்கிறார். தந்தை மேல் பாசம் இருந்தது என்று அவர் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. போனபிறகு எது இல்லாமல் போனது என்பதைச் சொல்கிறார். பாசத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் இந்தக் கவிதையையும் அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் படிப்புக்குத் தந்தைக்கு ஆன செலவு ஆயிரம், தனக்குச் சேர்ந்த தீமை பல்லாயிரம், நன்மை எள்ளளவும் இல்லை என்று அதில் ஒரு கணக்கு வருகிறது. 1904இல் ‘சுதேசமித்திரன்’ அலுவலகத்தில் பாரதி துணையாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த வேலை, இங்கிலீஷ் தந்திச் செய்திகளையும் கட்டுரைகளையும் தமிழாக்குவது. சின்னசாமி ஐயர் திணித்த மொழிதான் அந்தச் சம்பளத்தைக் கொடுத்தது. பத்திரிகைக்காரப் பாரதி உருவானதும் அங்கேதான். வலியைச் சொல்வதில் பாரதி துல்லியமாக இருக்கிறார், வரவு செலவு பார்ப்பதில் அப்படி இல்லை. நேர்மையாகப் பேச நினைக்கும் எந்தப் பிள்ளைக்கும் இந்த ஆபத்து உண்டு. ‘எனக்கு அப்படி இருந்தது’ என்பது உண்மையாக இருக்கும். ‘அவரால் எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை’ என்பது அநேகமாக உண்மையாக இருக்காது.

ப்ராக் நகரத்துக் கடிதம்

கசப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வெளியூர்ச் சான்று ஒன்று போதும். 1919இல் காஃப்கா, ப்ராக் நகரில் வியாபாரியாக இருந்த தன் தந்தை ஹெர்மனுக்கு மிக நீண்ட ஒரு கடிதம் எழுதினார். தந்தை உயிரோடுதான் இருந்தார், கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. குற்றச்சாட்டுகள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. ஒரு சம்பவம் சொல்லி முடிந்ததும் அது தன்னை என்ன செய்தது என்ற விளக்கம், அந்த விளக்கத்துக்கு மேல் ஒரு விளக்கம். சம்பவத்தைவிட விளக்கம் பெருத்துவிடும் இடத்தில் தந்தை மறைந்து மகனே மேடை முழுவதையும் எடுத்துக்கொள்கிறார். ஆனால் கடிதத்தின் கடைசியில் காஃப்கா ஒன்று செய்கிறார். இதற்கெல்லாம் தந்தை என்ன பதில் சொல்வார் என்று தானே கற்பனை செய்து, தன்னைக் காயப்படுத்தும் அளவுக்குக் கூர்மையாக அதை எழுதிவைக்கிறார். இறந்தவரால் எழுந்து மறுக்க முடியாது. ஆகவே பேசுகிறவன் அந்த மறுப்பை ஒருமுறையாவது மனதுக்குள் எழுதிப் பார்க்க வேண்டும். அதைத் தாங்கும் வாக்கியம் உரையில் இருக்கட்டும், தாங்காததை எடுத்துவிடலாம்.

ஒரு உரையைத் திருத்திப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் தூத்துக்குடி உப்பளத்தில் கங்காணியாக இருந்தவர். ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்திகளில் தண்ணீர் நின்று அளத்து வேலை நின்றுபோகும். மறுபடி தை, மாசியில் வெயில் ஏறி உப்பு விளையும்வரை கையில் காசில்லை. அந்த மாதங்களில் குடிப்பார், மனைவியை அடிப்பார். மூத்த மகனைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தி அளத்துக்குக் கூட்டிப்போனார். மகளை நர்சிங் படிக்கவைத்தார். பதினாறாம் நாளில் பேசவேண்டியவன் அந்த மூத்த மகன்.

அவன் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்: “அப்பா கண்டிப்பானவர். ஆனால் உள்ளுக்குள் தங்கமான மனசு. எங்களுக்காகவே தன்னை உருக்கிக்கொண்டார்.” முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். ‘கண்டிப்பு’ எதை மூடுகிறது என்று அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பட்டது ஒன்றுமில்லை என்று பெற்ற மகனே சபையில் சொல்வதுபோல அது அவள் காதில் விழும். பொய்ப் புகழ்ச்சி செத்தவருக்கு இழைக்கும் தீங்கைவிட உயிரோடு இருப்பவருக்கு இழைக்கும் தீங்கு பெரிது.

அதைக் கிழித்துப்போட்டு எழுதுவது இப்படி: “அவர் என் வாழ்க்கையைக் கெடுத்தவர். எனக்கு அப்பா என்று ஒருத்தர் இருந்ததே இல்லை.” கேட்கிறவர்கள் கண்ணுக்கு இதில் எதுவும் தெரியாது, கோபம் மட்டும்தான் தெரியும். தங்கைக்கு அப்பா இருந்தார். அவள் கண்ட மனிதரையும் சேர்த்து இவன் அழித்துவிடுகிறான்.

மூன்றாவது வரைவு: “அப்பா முப்பது வருஷம் அளத்துல வேலை பார்த்தாரு. மழை மாசத்துல வேலை கிடையாது. அப்போ குடிப்பாரு. வீட்டுல அடி விழும். என்னைப் பத்தாவதோட நிறுத்தினாரு. தங்கச்சியைப் படிக்க வச்சாரு. எடையில ஒரு மூட்டைகூட முன்னப்பின்ன போட்டதில்லைன்னு அளத்துல சொல்லுவாங்க. எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது அவருதான். எனக்கு அவர்கிட்ட பயம் இருந்துச்சு. பேசிக்கிடணும்னு ரெண்டு பேருக்கும் தோணியிருக்கலாம். பேசிக்கிடல.”

இது ஏறக்குறைய சரி. நேரில் கண்டதும் ‘அளத்துல சொல்லுவாங்க’ என்று கேட்டதும் பிரிந்திருக்கின்றன. மகனை நிறுத்தியதும் மகளைப் படிக்கவைத்ததும் அடுத்தடுத்து நிற்கின்றன. நடுவில் ‘ஆனால்’ இல்லை. அதைப் போட்டிருந்தால் பின்னால் வருவது முன்னால் வந்ததைத் துடைத்துவிடும். “படிப்பை நிறுத்தினார், ஆனால் தங்கையைப் படிக்கவைத்தார்” என்றால் மன்னிப்பு. திருப்பிப் போட்டால் குற்றப்பத்திரிகை. மழை மாதத்தில் வேலை இல்லை என்பது குடிக்கு ஒரு சூழலைக் காட்டுகிறது, சாக்காக நீளவில்லை.

ஒரு பிழை மட்டும் மிச்சம் இருக்கிறது. ‘வீட்டுல அடி விழும்’ என்ற வாக்கியத்தில் அடித்தவரும் இல்லை, அடிபட்டவரும் இல்லை. மழை பெய்வதுபோல அது தானாக விழுகிறது. சொல்வதென்றால் “அம்மாவை அடிப்பாரு” என்று சொல்ல வேண்டும். ஆனால் அது அம்மாவின் வாழ்க்கை, மகன் இஷ்டத்துக்குச் சபையில் எடுத்து வைக்கக்கூடியது இல்லை. முந்தின நாளே அவளிடம் கேட்க வேண்டும். அவள் சரி என்றால் நேராகச் சொல்லலாம். வேண்டாம் என்றால் வாக்கியத்தையே எடுத்துவிட்டு, தனக்கு இருந்த பயத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சொல்லாமல் விடுவது பொய் ஆகாது. நடந்ததற்கு எதிரானதைச் சொன்னால்தான் பொய். அடியை மறைக்க ஒப்புக்கொண்ட மகன், அதே மூச்சில் “அம்மாவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார்” என்று சேர்க்கக் கூடாது.

எல்லைகள்

எல்லாத் தகப்பனுக்கும் இந்த முறை செல்லாது. தன் பிள்ளைகளையே உடலால் சீரழித்தவர், கொலைவரை போனவர் என்றால் சமநிலை தேடுவதே பாதிக்கப்பட்டவருக்கு இன்னொரு கொடுமை. அங்கே பேச மறுப்பதுதான் நேர்மை. சடங்கை வேறு ஒருவர் முடித்துவைக்கட்டும். உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு தகப்பனைக் கண்ட வீடுகளில், எல்லோர் சார்பிலும் ஒருவர் ‘நாங்கள்’ என்று பேசுவதும் தவறாகப் போகும். ‘நான்’ என்று மட்டும் பேசினால் மற்றவர்களின் நினைவு மற்றவர்களிடமே இருக்கும்.

நேரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பாரதிக்குப் பன்னிரண்டு வருஷம் தேவைப்பட்டது. அப்போதும் ஒரு பக்கக் கணக்கு சரியாக வரவில்லை. பதினாறாம் நாளில் நின்று பேசுகிறவனிடம் வாழ்க்கை முழுவதற்குமான தீர்ப்பை யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் அவன் தரவேண்டியதில்லை. தான் நேரில் கண்டதில் நாலு விஷயத்தைச் செயலாகச் சொல்லி, தன் மனதில் இருந்ததைத் தன்னுடையது என்று சொல்லி, உட்கார்ந்துவிடலாம். மீதியைப் பிறகு எழுதலாம், எழுதாமலும் விடலாம்.